சிஸ்டத்தில் இருக்கிறது, ரேக்கில் இல்லை: ஸ்டாக் கணக்கும் ரீஆர்டர் லெவலும்

கேள்வி: எம்.பி.ஏ. இன்டர்ன்ஷிப்புக்காக ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகக் குடோனில் சேர்ந்திருக்கிறேன். ஸ்டாக்கை டிராக் பண்ணு, ரீஆர்டர் லெவலைச் சரிபார், கவுண்ட் எடு என்று மூன்று வேலை கொடுத்திருக்கிறார்கள். சிஸ்டத்தில் இருப்பதும் ரேக்கில் இருப்பதும் ஒத்துப்போவதே இல்லை. ரீஆர்டர் லெவல் எல்லாம் யார், எப்போது போட்டது என்றே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

பதில்:

கவுண்டில் இருந்து தொடங்குங்கள். ரீஆர்டர் லெவல் என்பது இருப்பு எந்த எண்ணுக்கு இறங்கியதும் புது ஆர்டர் போட வேண்டும் என்பது. அதற்கான ஃபார்முலாவை யார் வேண்டுமானாலும் எக்செல்லில் பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம், ஆனால் அந்த ஃபார்முலா உட்கொள்ளும் எண்கள், அதாவது கையிருப்பும் தினசரிச் செலவும், இரண்டுமே சிஸ்டம் பதிவில் இருந்துதான் வருகின்றன. பதிவு தப்பென்றால் லெவலும் தப்பு. உங்களுக்கு மூன்று வேலை என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்களே தவிர, இது ஒரே வேலைதான்.

ஒத்துப்போகவில்லை என்று பதற வேண்டாம். அமெரிக்காவில் ஒரு பெரிய சில்லறைக் கடை நிறுவனத்தின் 37 கிளைகளில் சுமார் 3,70,000 ஸ்டாக் பதிவுகளை நிக்கோல் டிஹோரேஷியஸ், அனந்த் ராமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 65 சதவீதப் பதிவுகள் ரேக்கில் இருந்த எண்ணிக்கையோடு பொருந்தவில்லை. இது 2008ல் வெளியான ஆய்வு. பார்கோடு, கணினி எல்லாம் இருந்த கடைகளிலேயே இந்தக் கதி. எனவே வித்தியாசம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை, அது எங்கே, எந்தப் பதிவில் பிறந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

ஒரே ஒரு ஐட்டத்தை எடுத்துக்கொண்டு முழுசாகச் சொல்கிறேன். ஆயில் ஃபில்டர். ஒரு சின்ன பெட்டிக்கு 12, ஒரு கார்ட்டனுக்கு நான்கு பெட்டி, ஆக 48. நான் இருந்த ஒரு ஸ்டோர்ஸில் நடந்த விஷயம்தான், எண்களை மட்டும் கணக்குப் போட வசதியாகக் கொஞ்சம் உருட்டியிருக்கிறேன். சிஸ்டம் 620 என்றது. ரேக்கில் எண்ணினால் 512. வித்தியாசம் 108.

இந்த 512 என்ற எண்ணை நம்பலாமா என்பது முதல் கேள்வி, ஏனென்றால் பல வித்தியாசங்கள் எண்ணியதிலேயே பிறப்பவை. நல்ல கவுண்டுக்கு மூன்று விஷயம் வேண்டும். ஒன்று, கட்-ஆஃப். காலையில் பிக்கிங் தொடங்கும் முன்பு எண்ணுங்கள், எண்ண ஆரம்பிக்கும் நேரத்தில் கடைசியாகப் போட்ட சரக்கு வரவுச் சீட்டான ஜிஆர்என்னின் எண்ணையும் கடைசி இஷ்யூ எண்ணையும் தாளின் மேலே எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண் இல்லாத கவுண்ட் ஷீட்டை வைத்துக்கொண்டு மதியம் யாருடனும் வாதாட முடியாது. டாக்கில் இறக்கி வைத்து இன்னும் ஜிஆர்என் போடாத சரக்கு எண்ணிக்கையில் சேராது. பிக் பண்ணி டிஸ்பாட்ச் ஏரியாவில் வைத்திருக்கிறார்கள், ஆனால் சிஸ்டத்தில் இன்னும் கழிக்கவில்லை என்றால் அது சேரும். இந்த இரண்டில் குழம்புகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது, எண்ணுகிறவர் கையில் இருக்கும் தாளில் சிஸ்டம் எண் இருக்கவே கூடாது. 620 என்று அச்சடித்துக் கொடுத்தால், 600ஐ நெருங்கியதும் மனசு 620ஐத் தேட ஆரம்பித்துவிடும், யாரும் ஏமாற்ற வேண்டும் என்று செய்வதில்லை. ரேக்கில் சரக்கு வைக்கும் இடமான பின், அதன் எண், பார்ட் நம்பர், காலிக் கட்டம், அவ்வளவு போதும். வித்தியாசம் வந்த பின்களை மட்டும் வேறொருவர் மறுபடி எண்ணட்டும், அவருக்கும் முதல் எண்ணைச் சொல்லக்கூடாது.

மூன்றாவது, கார்ட்டனை நம்பாதீர்கள். டேப் பிரித்து மறுபடி ஒட்டிய கார்ட்டனில் 48 இருக்காது. கம்பெனி டேப்புக்கும் குடோன் டேப்புக்கும் வித்தியாசம் தெரியும், பாருங்கள். அப்புறம் ரேக்கின் பின்வரிசை. முன்னால் மூன்று நிற்கிறது, எனவே பின்னாலும் மூன்று என்று பெருக்கிப் போட்ட கவுண்டுகள் நிறைய.

சரி, இப்படி எண்ணியும் இரண்டாவது ஆளுக்கும் 512தான் வந்தது. இந்த இடத்தில்தான் இன்சார்ஜ் "அட்ஜஸ்ட் பண்ணிடுப்பா, மேல போகலாம்" என்பார். சாஃப்ட்வேர் எஸ்.ஏ.பி. என்றால் `MI01`ல் கவுண்ட் டாக்குமென்ட், `MI04`ல் எண், `MI07`ல் போஸ்டிங், முடிந்தது. சிஸ்டம் 512 ஆகிவிடும். செய்யாதீர்கள், அல்லது குறைந்தது ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.

முதலில் வித்தியாசத்தையே பாருங்கள். 108 என்பது 12ன் ஒன்பது மடங்கு. முழுப் பெட்டிகளாகக் காணவில்லை, உதிரியாக இல்லை. யாரோ ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றால் 7, 19 என்று வந்திருக்கும். முழுப் பெட்டியாக வருகிறது என்றால் பெரும்பாலும் அது காகிதத்தில் நடந்த தவறு, அல்லது சரக்கு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு பழைய கணக்குப்பிள்ளை வித்தையும் உண்டு: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் யாரோ 63ஐ 36 என்று இலக்கம் மாற்றித் தட்டியிருக்கலாம். 108ம் ஒன்பதால் வகுபடும் என்பதால் அதையும் ஒரு பார்வை பார்த்தோம், அப்படி ஒரு என்ட்ரி இல்லை.

அடுத்து, இந்தப் பார்ட் கடைசியாக எப்போது சரியாக இருந்தது? மூன்று வாரம் முன்னால் எண்ணியபோது பொருந்தியிருந்தது. அப்படியென்றால் தவறு அந்த மூன்று வாரத்துக்குள்தான் நடந்திருக்க வேண்டும். `MB51`ல் பார்ட் நம்பரும் அந்தத் தேதியும் கொடுத்தால் ஒவ்வொரு வரவும் செலவும் மூவ்மென்ட் டைப்போடு வரிசையாக வரும். 101 என்றால் வரவு, 261 என்றால் புரொடக்‌ஷன் ஆர்டருக்குக் கொடுத்தது, 311 என்றால் ஒரு ஸ்டோரேஜ் லொகேஷனில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றியது. உங்கள் குடோனில் டாலியோ வேறு ஏதாவது சாஃப்ட்வேரோ என்றாலும் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் இப்படி ஒரு லெட்ஜர் இருக்கும், அதை இறக்கிக்கொள்ளுங்கள். அடிக்கடி கவுண்ட் எடுப்பதன் உண்மையான லாபமே இதுதான். வருடத்துக்கு ஒரு முறை எண்ணினால் தேட வேண்டிய லெட்ஜர் பன்னிரண்டு மாத நீளம், யாரும் தேட மாட்டார்கள், அட்ஜஸ்ட் செய்துவிட்டுப் போய்விடுவார்கள்.

லெட்ஜரைத் திறக்கும் முன் ஒரு நடை நடந்து பார்க்க வேண்டும். பக்கத்து பின், மேல் தட்டு, கியூசி ஹோல்ட், ரிட்டர்ன் கூண்டு, ஒரே மாதிரி டப்பாவில் வரும் வேறு ஃபில்டர்களின் இடம். ஒரு தட்டு மேலே ஏர் ஃபில்டர் பின்னில் நம் கார்ட்டன் ஒன்று உட்கார்ந்திருந்தது. 48 கிடைத்தது. ரேக்கில் உண்மையான இருப்பு 560 ஆகிவிட்டது. இது கணக்கில் தவறே இல்லை, வைத்த இடத்தில் தவறு. கார்ட்டனை உரிய பின்னுக்கு மாற்றினால் போதும்.

மீதி 60. மூன்று வாரத்தில் இரண்டு வரவு இருந்தது. இரண்டாவது ஜிஆர்என் 480, அதாவது பத்து கார்ட்டன், வெண்டர் இன்வாய்ஸிலும் பத்துதான். செக்யூரிட்டி கேட் ரெஜிஸ்டரையும் இறக்கியபோது எழுதிய டேலி ஷீட்டையும் பார்த்தால் ஒன்பது. இன்வாய்ஸைப் பார்த்தே ஜிஆர்என் போட்டுவிட்டார்கள். குடோன்களில் நடக்கும் தவறுகளில் இது மிகப் பொதுவானது, லாரி டிரைவர் கிளம்ப வேண்டும் என்று நிற்கும்போது எண்ணிப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. அந்த 48ஐ ஜிஆர்என்னிலேயே திருத்த வேண்டும், 480ஐ ரிவர்ஸ் செய்து 432க்கு மறுபடி போட வேண்டும், பர்ச்சேஸுக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் வெண்டரிடம் கிரெடிட் நோட் கேட்க வேண்டும். டிரைவர் கொண்டுபோகும் லாரி ரசீதான எல்ஆர் காப்பியில் "ஒரு கார்ட்டன் குறைவு" என்று இறக்கும்போதே எழுதியிருந்தால் பேச்சு சுலபமாக முடியும். எழுதவில்லை என்றால் வெண்டர் லாரிக்காரரைக் கைகாட்டுவார், லாரிக்காரர் வெண்டரைக் கைகாட்டுவார்.

மீதி 12. இரவு ஷிஃப்டில் ஒரு பெட்டியை அவசரமாக எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், இஷ்யூ ஸ்லிப் எழுதியும் இருக்கிறார்கள், அது மேஜை டிரேயில் மற்ற தாள்களுக்கு அடியில் கிடந்தது. போஸ்ட் செய்தால் தீர்ந்தது.

இப்போது கூட்டிப் பாருங்கள். சிஸ்டம் 620ல் இருந்து குறைவாக வந்த 48 போனால் 572, ஸ்லிப் 12 போனால் 560. ரேக்கில் 512உடன் இடம் மாறிய 48 சேர்ந்தால் 560. அட்ஜஸ்ட்மென்ட் பூஜ்யம்.

முதல் நாளே 108ஐக் கழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிஸ்டம் 512 என்றிருக்கும், ரேக்குகளில் மொத்தம் 560 இருக்கும், அந்த 48 பிறகு ஒருநாள் "அதிகமாக" வெளிப்பட்டு இன்னொரு அட்ஜஸ்ட்மென்டை உண்டாக்கும். வராத சரக்குக்கு வெண்டருக்குப் பணம் போயிருக்கும். டிரேயில் கிடந்த ஸ்லிப்பை இரண்டு நாள் கழித்து யாராவது போஸ்ட் செய்வார்கள், அந்த 12 இரண்டு முறை கழியும். எல்லாவற்றையும் விட எனக்கு உறுத்துவது வேறொன்று: 702 என்ற டைப்பில் கழித்த எண்ணிக்கை கவுண்ட் வித்தியாசமாகத்தான் பதிவாகும், செலவுக் கணக்கில் ஏறாது. இப்படி நூறு ஐட்டத்தில் நடந்தால் உங்கள் தினசரிச் செலவு எண் உண்மையை விடக் குறைவாகக் காட்டும், அதை வைத்துப் போடும் ரீஆர்டர் லெவலும் தாழ்வாகவே இருக்கும், சரக்கு ஏன் அடிக்கடி தீர்கிறது என்று யாருக்கும் புரியாது.

இனி லெவலுக்கு வருவோம். இந்த ஃபில்டருக்கு சிஸ்டத்தில் 400 என்று போட்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு 40 போகிறது, பத்து நாளைக்கு 400, யாரோ என்றோ போட்ட கணக்கு. எஸ்.ஏ.பி.யில் இது மெட்டீரியல் மாஸ்டரில் MRP 1 டேபில் இருக்கும், `MM03`ல் திறந்து பாருங்கள், டைப் `VB` என்றிருந்தால் அந்த எண்ணை ஒரு மனிதர் கையால் போட்டிருக்கிறார், தானாக மாறாது என்று அர்த்தம்.

சரியாகப் போட நான்கு எண் தேவை: தினசரிச் சராசரிச் செலவு, அது நாளுக்கு நாள் எவ்வளவு ஏறி இறங்குகிறது, லீட் டைம் சராசரி, லீட் டைம் எவ்வளவு ஏறி இறங்குகிறது. முதல் இரண்டுக்கு மூன்று மாத இஷ்யூவை வேலை நாள் கணக்கில் எடுங்கள், மாதம் 26 என்றால் 78 வரிசை. இஷ்யூ இல்லாத நாளுக்கும் 0 போட்டு ஒரு வரிசை வேண்டும், `MB51` அந்த நாட்களைக் காட்டாது. ஸ்டாக் இல்லாததால் இஷ்யூ ஆகாத நாட்களை மட்டும் நீக்கிவிடுங்கள், அன்று தேவை பூஜ்யம் இல்லை, கையில் சரக்குதான் பூஜ்யம். எங்கள் ஃபில்டருக்கு சராசரி 40, ஏற்ற இறக்கம், அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன், 12.

லீட் டைம்தான் எல்லோரும் ஏமாறும் இடம். வெண்டர் கொட்டேஷனில் "7 நாள்" என்பார். உங்களுக்கு அது தேவையில்லை. பர்ச்சேஸ் ஆர்டரான பிஓ போட்ட நாளில் இருந்து கியூசி பாஸ் ஆகி சரக்கு எடுத்துக் கொடுக்கத் தயாராக ரேக்கில் ஏறும் நாள் வரை எண்ண வேண்டும். கடைசி பத்து பிஓவை எடுத்தபோது வேலை நாட்களில் இப்படி வந்தது: 7, 8, 12, 9, 7, 11, 8, 8, 12, 8. சராசரி 9, ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட 2. எக்செல்லில் `AVERAGE`, `STDEV.S` இரண்டும் போதும்.

D2ல் தினசரிச் சராசரி, S2ல் அதன் ஏற்ற இறக்கம், L2ல் லீட் டைம், V2ல் லீட் டைம் ஏற்ற இறக்கம் என்று வைத்துக்கொண்டால்:

```
=ROUNDUP(D2*L2 + 1.65*SQRT(L2*S2^2 + D2^2*V2^2), 0)
```

முதல் பகுதி 40 × 9 = 360, சரக்கு வந்து சேரும் வரை சராசரியாகச் செலவாவது. இரண்டாம் பகுதி சேஃப்டி ஸ்டாக், செலவு கூடினாலோ சரக்கு தாமதமானாலோ சமாளிக்க. வர்க்க மூலத்துக்குள் 1,296ம் 6,400ம் கூடி 7,696, மூலம் சுமார் 87.7, அதை 1.65ஆல் பெருக்கினால் 145. ஆக லெவல் 505. இந்த 1.65 என்பது 95 சதவீதத்துக்கானது: ஒரு பிஓ போட்டு அது வந்து சேர்வதற்குள் ஸ்டாக் தீராமல் இருக்கும் வாய்ப்பு 95 சதவீதம். கேட்ட நூறு பீஸில் 95 கொடுப்போம் என்ற அர்த்தம் இல்லை, வைவாவில் யாராவது இதைக் கேட்பார்கள்.

வர்க்க மூலத்துக்குள் இருக்கும் அந்த இரண்டு எண்களையும் இன்னொரு முறை பாருங்கள். 1,296 என்பது தேவையின் ஏற்ற இறக்கம், 6,400 என்பது வெண்டர் சொன்ன நாளில் கொடுக்காததால் வருவது. வெண்டர் கடிகாரம் போல ஒன்பதாவது நாள் கொடுத்தால் லெவல் 420 போதும். ஏற்ற இறக்கம் இரண்டு நாளில் இருந்து ஒரு நாளாகக் குறைந்தால் 449. நம் குடோனில் நிற்கும் 145 சேஃப்டி ஸ்டாக்கில் பெரும்பகுதி வாடிக்கையாளருக்காக நிற்கவில்லை, வெண்டரின் தாமதத்துக்காக நிற்கிறது. ஒரு இன்டர்ன் இதை எடுத்துக் காட்டினால் பர்ச்சேஸ் மேனேஜர் உட்கார்ந்து கேட்பார், ஏனென்றால் பேரம் பேசுவதற்கு அவருக்கு விலையைத் தவிர இன்னொரு எண் கிடைக்கிறது.

ஒன்றிரண்டு நாட்களில் மட்டும் 300, 400 என்று குதித்து மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்கும் ஐட்டங்களுக்கு இந்த ஃபார்முலாவைப் போடாதீர்கள். தேவை ஓரளவு சீராக வருகிறது என்ற அனுமானத்தில் நிற்பது இது. அந்த மாதிரி ஐட்டங்களுக்கு புரொடக்‌ஷன் பிளானைக் கேட்டு வாங்குவதே வழி.

இப்போது கவுண்டும் லெவலும் ஒட்டும் இடத்தைக் கவனியுங்கள். சிஸ்டம் 620, உண்மை 560, இல்லாத பீஸ் 60. சேஃப்டி ஸ்டாக் 145ல் 60 காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. ரீஆர்டர் அலாரம் ஒன்றரை நாள் தாமதமாக அடிக்கும். பழைய 400 லெவலில் சேஃப்டி என்று இருந்ததே 40தான், அதில் 60 காகிதம் என்றால் வெண்டர் சரியாக ஒன்பதாம் நாள் கொடுத்தாலும் லைன் நிற்கும். ஒவ்வொரு முறையும் "வெண்டர் லேட்" என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

லெவலோடு எதை ஒப்பிடுவது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ரேக்கில் இருப்பதை மட்டும் ஒப்பிடக்கூடாது. இருப்பு, அதோடு வர வேண்டிய பிஓ பாக்கி, அதில் இருந்து ஏற்கனவே ஒதுக்கியது கழித்து, அந்த எண்ணைத்தான் 505உடன் ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் 450ஐப் பார்த்துப் பயந்து, ஏற்கனவே 480 வழியில் இருக்கும்போது இன்னொரு 480 போடுவீர்கள். இதற்கு நேர் எதிரான தொல்லையும் இருக்கிறது, அது மௌனமாகக் கொல்லும்: செத்த பிஓ. ஆறு மாதம் முன்னால் 480 கேட்டு 432 வந்தது, மீதி 48 இனி வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் பிஓ வரியில் `Deliv. Compl.` டிக் போடவில்லை. சிஸ்டம் அந்த 48 வருகிறது என்றே நம்பிக்கொண்டிருக்கும். ஒரு பார்ட்டுக்கு இப்படி நாலைந்து பழைய பாக்கி சேர்ந்தால் சிஸ்டம் ஆர்டரே போடச் சொல்லாது. `MD04`ல் பார்ட் நம்பர் போட்டால் வர வேண்டியவை தேதியோடு வரிசையாகத் தெரியும், தேதி கடந்தவற்றைப் பட்டியலிட்டு பர்ச்சேஸிடம் கொடுங்கள். யாருக்கும் செய்ய நேரமில்லாத, ஆனால் உடனே பலன் தெரியும் வேலை.

எத்தனை நாளைக்கு ஒரு முறை பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். மேலே போட்ட 505 என்பது தினமும் பார்த்தால் செல்லும். திங்கட்கிழமை மட்டும் ரீஆர்டர் ரிப்போர்ட் எடுக்கிற பழக்கம் என்றால், செவ்வாய்க்கிழமை 505க்குக் கீழே போன பார்ட்டை அடுத்த திங்கள்தான் பார்ப்பீர்கள். ஆறு வேலை நாளைக்கும் சேர்த்துப் பாதுகாப்பு வேண்டும், ஃபார்முலாவில் 9க்குப் பதில் 15 போட்டால் 753 வருகிறது. 248 பீஸ் கூடுதலாக நிற்க வேண்டும், வெறும் வாரம் ஒரு முறை பார்க்கிறோம் என்பதற்காக. ரிப்போர்ட்டைத் தினமும் ஓடவிடச் சொல்வது எவ்வளவோ மலிவு.

மெதுவாகப் போகும் ஐட்டங்களில் வேறொரு வியாதி. சிஸ்டத்தில் 8, லெவல் 5, ரேக்கில் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கச் சரக்கு இல்லாததால் இஷ்யூ ஆகாது, இஷ்யூ ஆகாததால் 8 குறையாது, குறையாததால் 5ஐத் தொடாது, ஆர்டரும் போகாது. அந்தப் பதிவு அப்படியே உறைந்து கிடக்கும், யாராவது கேட்டு வந்து இல்லை என்று திரும்பும் வரை. கண்டுபிடிக்க வழி சுலபம்: ஸ்டாக் இருப்பதாகக் காட்டும், வழக்கமாகப் பத்து நாளைக்கு ஒரு முறை போகும் பார்ட், முப்பது நாளாக அசையவில்லை என்றால் அது உங்கள் நாளைய கவுண்ட் லிஸ்டில் முதலில் வர வேண்டும். வருடத்தில் செலவாகும் சரக்கின் பண மதிப்பை வைத்து ஏ, பி, சி என்று பிரித்து ஏ-வை மாதம் ஒரு முறை, பி-யை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, சி-யை ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று எண்ணுவது எல்லா இடத்திலும் வழக்கம், நல்லதுதான், ஆனால் இந்த உறைந்த பார்ட்டுகள் பெரும்பாலும் சி-யில் ஒளிந்திருக்கும், அட்டவணைப்படி போனால் ஆறு மாதம் ஆகும். அதேபோல நெகட்டிவ் ஸ்டாக் காட்டுபவற்றை அட்டவணைக்குக் காத்திருக்காமல் அன்றே எண்ணுங்கள். பிக்கர் ஒரு பின்னைக் காலி செய்யும்போது "பூஜ்யமா?" என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். காலி பின்னை எண்ணுவதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை, எண்ணும்போது தவறவும் முடியாது.

எல்லாம் தேடிய பிறகும் சில பீஸ்களுக்குக் காரணம் கிடைக்காது. அப்போதுதான் அட்ஜஸ்ட்மென்ட், அதுவும் ஸ்டோர்ஸுக்கு வெளியே உள்ள ஒருவரின் ஒப்புதலோடு. இதில் வரி விவகாரமும் இருக்கிறது: சிஜிஎஸ்டி சட்டம் பிரிவு 17(5)(h)ன்படி தொலைந்த, திருடுபோன, அழிந்த, கணக்கில் இருந்து நீக்கிய சரக்குக்கு இன்புட் டாக்ஸ் கிரெடிட் கிடையாது, எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். எனவே நீங்கள் ஸ்டோர்ஸில் தட்டும் 702 அக்கவுண்ட்ஸில் ஒருவருக்கு வேலை வைக்கிறது, அவருக்குச் சொல்லிவிடுங்கள். நிறுவனம் ஆடிட்டர் அறிக்கைக்கான கேரோ 2020 உத்தரவின் கீழ் வருமானால், ஏதாவது ஒரு வகைச் சரக்கில் மொத்தமாக 10 சதவீதமோ அதற்கு மேலோ வித்தியாசம் கண்டிருந்தால் ஆடிட்டர் தன் அறிக்கையில் அதைக் குறிப்பிட வேண்டும். மார்ச் மாதம் வந்ததும் எல்லோரும் திடீரென்று எண்ண ஆரம்பிப்பது இதனாலும்தான்.

கடைசியாக, உங்கள் ரிப்போர்ட்டில் துல்லியத்தை எப்படிக் காட்டுவது என்பது. மொத்த மதிப்பில் காட்டச் சொல்வார்கள்: சிஸ்டம் ஒரு கோடி, எண்ணியது 99.8 லட்சம், ஆக 99.8 சதவீதம், கைதட்டல். ஒரு பின்னில் 50 குறைந்து இன்னொன்றில் 50 கூடினால் இந்த முறையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் இரண்டு பார்ட்டுக்கும் ரீஆர்டர் தப்பாகத்தான் நடக்கும். எண்ணிய பின்களில் எத்தனை பொருந்தியது என்று காட்டுங்கள். நூறில் 82 என்று வந்தால் 82 என்றே போடுங்கள், பக்கத்தில் பொருந்தாத 18க்கும் ஒவ்வொன்றுக்கு ஒரு காரணம்: இன்வாய்ஸ் பார்த்துப் போட்ட ஜிஆர்என், போஸ்ட் ஆகாத ஸ்லிப், தப்பான பின், பெட்டிக்குப் பதில் பீஸ், காரணம் தெரியாதது. ஒரு மாதம் அந்தக் காரணப் பத்தியை நிரப்பினால் எந்தக் காரணம் மேலே நிற்கிறது என்று தெரிந்துவிடும். எங்கள் ஸ்டோர்ஸில் அது இன்வாய்ஸ் பார்த்துப் போட்ட ஜிஆர்என்தான், டேலி ஷீட் எண் இல்லாமல் ஜிஆர்என் போடக்கூடாது என்று ஒரு விதி வைத்ததும் வித்தியாசங்கள் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தன. உங்கள் குடோனில் வேறாக இருக்கலாம், பட்டியல் வந்ததும் இங்கேயே போடுங்கள், பார்க்கலாம்.